திரும்பி வரும் தண்ணீர்

கிணற்றில் மோட்டார் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஃபுட் வால்வு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், சல்லடையோடு சேர்ந்து மாட்டியிருக்கும் ஒரு மூடி. தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. ஒரு பொடிக்கல்லோ இலைத்துணுக்கோ அதில் சிக்கினால் இரவு முழுவதும் குழாயிலிருந்த தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் வெறுமனே சுற்றும். அப்பா ஒரு குடம் தண்ணீரில் சாணியைக் கரைத்து மேலே இருக்கும் வாயில் ஊற்றுவார். சாணி போய் அந்த இடுக்கை அடைக்கும், மோட்டார் தண்ணீர் எடுக்கும்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதுகலை முடித்து, பாய்ம இயக்கவியலில் ஆய்வேடு எழுதி, பிறகு பதினோரு வருடங்களாக வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன் நான். படித்த படிப்பு எப்போதாவது உதவுமா என்ற கேள்விக்கு நியூ ஜெர்சியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் மூலமாகப் பதில் கிடைத்தது. அங்கேயும் விஷயம் இதே ஃபுட் வால்வின் உறவுக்காரன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். கடையில் வேலை பார்க்கும் பையன் சோடா குடித்த அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறான். "கெட்டுப்போன சாமான் எதுவும் சாப்பிடல தம்பி. வெறும் கோலாதான். நான் உடனே அதே மிஷின்ல ஒரு டம்ளர் பிடிச்சுக் குடிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி ஒரு கஸ்டமரும் இதையே சொன்னாரு. அதான் யோசனையா இருக்கு. சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார்.

மாலை போனபோது பையன் தேறி உட்கார்ந்திருந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில புளிக்கொழம்பு வெச்ச மாதிரி" என்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பாதி விடையை அவனே சொல்லிவிட்டான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அண்ணாச்சிக்குத்தான் உறைத்தது. "களிம்பா? இங்க பித்தளையே கிடையாதே!" என்றார்.

பித்தளை இல்லை. ஆனால் செம்பு இருந்தது, கூரை முழுவதும்.

சோடா இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முன்னால் பொத்தான்களோடு இருப்பது வெறும் குழாய்தான். உண்மையான வேலை பின்னறையில் நடக்கிறது. அங்கே கார்பனேட்டர் என்று ஒரு சிறிய எவர்சில்வர் தொட்டி இருக்கும், இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். கரியமில வாயு சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் அதற்குள் வரும். ஊர்த் தண்ணீர் இன்னொரு குழாயில் வந்து ஒரு சின்னப் பம்பு வழியாக உள்ளே போகும். அழுத்தத்தில் வாயு தண்ணீரில் கரைந்தால் சோடா. தொட்டியில் மட்டம் குறைந்தால் பம்பு ஓடும், நிறைந்தால் நிற்கும். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியது அழுத்தங்கள். அந்தக் கடைக்கு வந்த ஊர்த் தண்ணீரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55 பவுண்டு. (இனி வெறும் பவுண்டு என்றே சொல்கிறேன்.) கார்பனேட்டருக்குள் வாயு 90 பவுண்டில் இருந்தது. பம்பு ஓடும் சில நொடிகள் தவிர, இரவும் பகலும், கடை மூடியிருக்கும்போதும், 90 பவுண்டு வாயு 55 பவுண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றது கட்டைவிரல் அளவு பித்தளை செக் வால்வு ஒன்று. கடையை முதலில் நடத்தியவர் காலத்தில் மாட்டியது.

குழாயில் தண்ணீர் வரவேண்டிய திசைக்கு எதிராகப் போவதை இந்தத் தொழிலில் பேக்ஃப்ளோ என்கிறார்கள். பின்னோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அது இரண்டு வழிகளில் நடக்கும். ஒன்று, நம் பக்கத்து அழுத்தம் ஊர்க்குழாயின் அழுத்தத்தைவிட அதிகமாகித் தள்ளுவது. சோடா இயந்திரம் அந்த வகை. பாய்லர்களும், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளும் அதே வகை. பம்பே இல்லாவிட்டாலும் ஒவ்வோர் அடி உயரத் தண்ணீருக்கும் 0.43 பவுண்டு உண்டு. நூறடி உயரக் கட்டடத்தின் குழாயில் நிற்கும் தண்ணீர் தன் எடையாலேயே அடியில் 43 பவுண்டு அழுத்தும்.

மற்றது, நம் பக்கம் ஒன்றுமே செய்யாமல் ஊர்க்குழாயின் அழுத்தம் விழுந்து, அது உறிஞ்சிக்கொள்வது. இதற்கு அமெரிக்காவில் எல்லாப் பிளம்பர்களும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1969-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரிலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் கால்பந்து அணியில் விளையாட்டுக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் சுமார் 90 பேருக்கு மஞ்சள் காமாலை தொற்றியது. இரண்டு ஆட்டங்களோடு அந்த வருடத்துப் பந்தயங்களையே ரத்து செய்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது: பயிற்சி மைதானத்துக்குக் குடிதண்ணீர் போகும் அதே குழாயில், புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய்வாய்கள் தரைமட்டத்துக்குக் கீழே பெட்டிகளில் இருந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள், அவர்களில் சிலருக்குக் காமாலை இருந்தது. பெட்டிகளில் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் நகரத்தில் வேறெங்கோ தீப்பிடிக்க, தீயணைப்பு வண்டிகள் பெருங்குழாயிலிருந்து தண்ணீரை இழுத்தன. மைதானத்துக் குழாயில் அழுத்தம் விழுந்தது. பெட்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. தீ அணைந்தபின் அழுத்தம் திரும்பி, அந்தத் தண்ணீரை வீரர்கள் குடிக்கும் குழாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. எங்கேயோ பிடித்த தீ, யாருக்கோ காமாலை!

அண்ணாச்சி கடைக்குத் திரும்புவோம். கரியமில வாயு செக் வால்வைத் தாண்டிச் செம்புக் குழாய்க்குள் போனால் என்ன ஆகும்? குழாயிலிருக்கும் தண்ணீரில் கரைந்து அதையும் சோடாவாக்கும். சோடா ஒரு மெல்லிய அமிலம். எலுமிச்சை அளவுக்குப் புளிப்பு இல்லை, ஆனாலும் செம்பைக் கரைக்கப் போதும். பித்தளைச் சட்டியில் புளி செய்கிற அதே வேலை. நம் பாட்டிமார் ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்ததன் காரணமும் அதுதான். கரைந்த செம்பு அதிகமானால் குமட்டல், வயிற்றுவலி, வாந்தி. சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கெட்ட சாப்பாட்டால் வரும் உபாதை பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம் வராது. சாப்பாட்டுக் கடையில் நாணயம் நாக்கில் பட்ட மாதிரி ருசியோடு உடனே ஒருவர் வாந்தி எடுத்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

ஆனால் அண்ணாச்சி குடித்தபோது ஏன் ஒன்றும் ஆகவில்லை? அந்தக் கேள்வியில்தான் எனக்கு அன்று மாலை முழுவதும் போனது. பையனிடம் காலையில் வரிசையாக என்னென்ன செய்தான் என்று கேட்டேன். அவன் கடை திறந்ததும் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி இரண்டிரண்டு டம்ளர் பிடித்துக் கீழே கொட்டுவான், பிறகு தனக்கு ஒன்று பிடித்துக்கொள்வான். முதலில் வருவது முந்தைய நாள் தொட்டியில் நிறைந்திருந்த சோடா, நல்ல தண்ணீர். தொட்டியின் மட்டம் குறைந்து பம்பு ஓடும்போதுதான் செம்புக் குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே வரும். அவன் குடித்தது அதற்குப் பிறகு. அண்ணாச்சி குடித்தபோதோ, பையனுக்கு மருந்து வாங்கப் போன நேரத்தில் இன்னொருவர் குடம் குடமாகப் பிடித்து இயந்திரத்தைக் கழுவிவிட்டிருந்தார். கெட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போயாயிற்று.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வாரம் முன்பு புகார் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. கடைக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய் காலை வரை யாரும் தண்ணீர் பிடிக்காததால், வாயு கசிந்து செம்பைக் கரைக்க முப்பத்தாறு மணி நேரம் கிடைக்கிறது. பிற நாட்களில் இரவு மட்டும்தான். அதே குழாயிலிருந்து கிளைபிரிந்து தேநீர் இயந்திரத்துக்கும் தண்ணீர் போனது. செவ்வாய்க்கிழமைத் தேநீர் நன்றாயிருக்காது என்று கடைப் பெண் ஒருவர் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பால்காரரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் பிளம்பர் வந்தார். முப்பது வருட அனுபவமுள்ள வெள்ளைக்காரப் பெரியவர், பேச்சு குறைவு. தண்ணீரை அடைத்துவிட்டு செக் வால்வுக்கு முன்னாலிருந்த இணைப்பைத் தளர்த்தினார். குழாயிலிருந்து வந்த தண்ணீர் நுரைத்தது. ஊர்த் தண்ணீர் வரவேண்டிய குழாயில் சோடா! பிறகு ஒரு துண்டு குழாயை வெட்டி உள்ளே காட்டினார். வயதான செம்புக் குழாயின் உள்பக்கம் மங்கிப் பழுப்பேறி இருக்கவேண்டும். இது தேய்த்து விளக்கிய குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருந்தது. கடைசியாகச் செக் வால்வைப் பிரித்தார். உள்ளே ரப்பர் வட்டுக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் இடையில், குழாய் மரைகளில் சுற்றும் வெள்ளை டேப்பின் நூல் போன்ற ஒரு துணுக்கு.

"ஒரு புது வால்வு போட்டுரலாமே, இருபது டாலர் ஆகுமா?" என்றார் அண்ணாச்சி. பிளம்பர் தலையை ஆட்டினார். சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, காசு பிடுங்கப் பாக்குறாரா?"

இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செக் வால்வு என்பது ஒரு வட்டு, அதைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங், வட்டு உட்காரும் விளிம்பு, இவ்வளவுதான். விளிம்பு முழுவதும் வட்டு படியவேண்டும். மணல், துரு, ஈயப் பற்றின் உருண்டை, டேப் துணுக்கு எது இடையில் வந்தாலும் படியாது. ஒன்றும் வராவிட்டாலும் ரப்பர் வயதாகி இறுகும். தண்ணீர் சொட்டாத இடுக்கில்கூட வாயு புகும் என்பது இன்னொரு சங்கடம். பின்னழுத்தம் பலமாக இருந்தால் அது வட்டை நன்றாக அமுக்கி மூடும். அழுத்த வித்தியாசம் கொஞ்சமாக இருக்கும்போது அமுக்குவதற்கு ஸ்பிரிங் மட்டும்தான், அப்போது கசிவு இன்னும் சுலபம்.

ஆனால் இவை எல்லாம் எந்த வால்வுக்கும் வரும் கோளாறுகள். செக் வால்வின் உண்மையான குறை வேறு: அது கெட்டதைச் சொல்லாது. கிணற்று ஃபுட் வால்வு கெட்டால் மோட்டார் தண்ணீர் எடுக்காது, காலையிலேயே தெரிந்துவிடும். இங்கே கெட்டால் எல்லாம் சரியாகவே நடக்கும். தண்ணீர் முன்பக்கம் ஓடும்போது, நல்ல வால்வும் கெட்ட வால்வும் ஒரே மாதிரி திறந்திருக்கும். சோடா வரும், பம்பு ஓடும். சோதிக்கவும் வழியில்லை. உடம்பில் எங்கும் அளவுமானி மாட்டும் துளை கிடையாது, கழற்றிப் பார்த்தால்தான் உண்டு. எங்கள் தொழிலில் பிழையை விழுங்கிவிட்டு "எல்லாம் நலம்" என்று பதிவு எழுதும் நிரல்கள் உண்டு. அவற்றை எழுதியவனைத் தேடிப்பிடித்து அடிக்கத் தோன்றும். இந்த வால்வு அந்த ஜாதி.

சரி, இரண்டு வால்வுகளை வரிசையாகப் போட்டால்? ஒன்று கெட்டாலும் இன்னொன்று தாங்கும் அல்லவா? தாங்கும், முதலாவது கெட்டதை நாம் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை. கண்டுபிடிக்க வழியில்லாவிட்டால் இரண்டாவது கெடும்வரை மட்டும்தான். இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே தண்ணீர், ஒரே மணல். அதனால் சோதனைத் துளைகளோடு இரட்டை செக் வால்வு என்றே ஒரு சாதனம் செய்கிறார்கள். ரசாயனம் எதுவும் கலக்காத தீயணைப்புத் தெளிப்பான் குழாய்கள் போன்ற இடங்களுக்கு அது போதும். அங்கே திரும்பி வருவது நாற்றமடித்த பழைய தண்ணீர், விஷமல்ல. ஆளை நோகடிக்கக்கூடியது திரும்பி வரலாம் என்னும் இடத்தில் அது போதாது. அதிலும் இரண்டும் கெட்டால் கெட்டது நேராக ஊருக்குள்தான் போகும்.

இங்கேதான் ஒருவர் வேறு மாதிரி யோசித்திருக்கிறார். வால்வு கசியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பதை விட்டுவிட்டு, கசியத்தான் போகிறது, கசிந்தது எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். விடை: தரைக்கு.

இரண்டு செக் வால்வுகளுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையின் அடியில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் மூன்றாவது வால்வு. அது எப்போது திறக்கவேண்டும் என்பதை ஒரு ரப்பர் சவ்வு தீர்மானிக்கிறது. சவ்வின் ஒரு பக்கம் வரும் தண்ணீரின் அழுத்தம், மறுபக்கம் நடு அறையின் அழுத்தம். நடு அறை எப்போதும் குறைந்தது 2 பவுண்டாவது தாழ்ந்திருக்கவேண்டும். அந்த வித்தியாசம் போனால் வாய் திறந்து அறையைக் காலி செய்யும். அமெரிக்கப் பிளம்பர்கள் இதை ஆர்.பி.இசட். என்கிறார்கள், குறைந்த அழுத்த மண்டலம் என்பதன் சுருக்கம்.

அண்ணாச்சிக்கு ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உள்ளே வருவது 55. முதல் செக் வால்வின் ஸ்பிரிங் கொஞ்சம் முரட்டு ஸ்பிரிங், அதைத் தள்ளித் திறப்பதிலேயே 7 பவுண்டு போய்விடும். ஆக நடு அறையில் 48. இப்போது இரண்டாவது செக் வால்வில் துணுக்கு சிக்கிக்கொண்டது, அந்தப் பக்கத்து 90 பவுண்டு கசிகிறது என்று வையுங்கள். நடு அறையில் 49, 50, 51 என்று ஏறும். 53-ஐத் தொட்டதும் அடிவாய் திறக்கும், கசிந்தது தரையில் கொட்டும். 55-ஐ எட்டினால்தானே ஊர்க்குழாய்க்குள் போகமுடியும்? எட்டவிடுவதில்லை.

முதல் வால்வு கெட்டால்? யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் 55 பவுண்டு மெல்ல நடு அறைக்குள் கசிந்து, மறுபடியும் 53, வாய் திறக்கும், சொட்டும். ஊர்க்குழாயின் அழுத்தமே பூஜ்யமாகிவிட்டால், ஹோலி கிராஸில் நடந்தது போல? வித்தியாசம் இல்லாமல் போவதால் வாய் முழுதாகத் திறந்து அறை காலியாகும், அங்கே காற்று நிற்கும். பெருங்குழாய் எவ்வளவு உறிஞ்சினாலும் வருவது காற்றுதான். எது கெட்டாலும் அடையாளம் ஒன்றே: தரையில் தண்ணீர்.

"அப்ப ஒழுகுனா நல்லதுன்னு சொல்றீங்க" என்றார் அண்ணாச்சி. ஏறக்குறைய அப்படித்தான். இந்தச் சாதனத்துக்கு நேரும் பெரிய கேடே அதை வைத்திருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ளாததுதான். ஒழுகுகிறதே என்று அடிவாயில் மரக்கட்டையை அடித்து அடைத்தவர்களைப் பற்றிப் பிளம்பர் சொன்னார். தரையடிக் குழியில் வைத்து, மழைத்தண்ணீரில் மூழ்கவிட்டவர்களும் உண்டு. வாய் தண்ணீருக்குள் இருந்தால் உறிஞ்சுவது காற்றை அல்ல, குழித்தண்ணீரை. அதனால்தான் தரையிலிருந்து குறைந்தது ஓரடி உயரத்தில், பக்கத்தில் வடிகாலோடு வைக்கச் சொல்கிறார்கள். வாய் முழுதாகத் திறந்தால் கொட்டுவது சொட்டு அல்ல, அருவி. கிடங்கின் மேல்மாடியில் வடிகால் இல்லாமல் வைத்தால் ஓர் இரவில் கீழ்த்தளச் சரக்கெல்லாம் மிதக்கும்.

ஒழுகும்போது எது கெட்டதென்று கண்டுபிடிக்கப் பிளம்பர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. சாதனத்துக்கு அப்பால் இருக்கும் அடைப்பானை முதலில் மூடு. ஒழுகல் நின்றால் பின்பக்கத்திலிருந்துதான் கசிவு, இரண்டாவது வால்வு குற்றவாளி. நிற்கவில்லையா, அடைப்பானைத் திறந்து ஏதாவது குழாயில் தண்ணீரை ஓடவிடு. ஓடும்போது முதல் வால்வில் அந்த 7 பவுண்டு வித்தியாசம் திரும்ப வந்துவிடும். அப்போது நின்றால் முதல் வால்வு. ஓடினாலும் நிற்கவில்லை என்றால் அடிவாயே சரியாக மூடவில்லை. ஒரு கருவியும் இல்லாமல் இவ்வளவும் தெரியும். எப்போதாவது இரண்டு சொட்டு மட்டும் விழுந்தால் பெரும்பாலும் ஊர்த் தண்ணீரின் அழுத்தம் ஏறி இறங்குவதுதான் காரணம்.

இது போக, பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கொருமுறை உரிமம் பெற்ற ஒருவர் வந்து சோதிக்கவேண்டும். உடம்பிலிருக்கும் நான்கு சிறு குழாய்வாய்களில், அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானியின் ரப்பர் குழாய்களை மாட்டுகிறார்கள். கீழ்ப்பக்க அடைப்பானை மூடி, முதல் வால்வின் வித்தியாசத்தைப் படிப்பார்கள். அண்ணாச்சி கட்டடத்தில் 7.2 காட்டியது. பிறகு நடு அறைக்குள் மெல்ல மெல்லத் தண்ணீரை விடுவார்கள். முள் இறங்கிக்கொண்டே வரும், கை ஈரமாகும்வரை அடிவாயில் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். முதல் சொட்டு விழும்போது 2.6. இரண்டுக்குமேல் இருந்தால் சரி. இந்த எண்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு வந்தால் வால்வு கெடப்போகிறது என்பது கெடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த இருபது டாலர் வால்வில் இப்படி எதைப் படிப்பது?

இதற்கு விலை உண்டு. முதல் செலவு பணம். இரண்டாவது அழுத்தம்: தண்ணீர் ஓடும்போது பத்துப் பவுண்டுக்குமேல்கூட இதிலேயே போய்விடலாம், மேல்மாடிக் குழாய்கள் மெலிந்து ஓடும். மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெந்நீர்த் தொட்டியில் சூடாகும் தண்ணீர் விரிகிறது. இதுவரை அந்த விரிவு ஊர்க்குழாய்க்குள் சத்தமில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் ஒரு பின்னோட்டம்தான். வழியை அடைத்ததும் அழுத்தம் ஏறி வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு கொட்டத் தொடங்கும். விரிவதற்கென்று காற்றடைத்த ஒரு சிறு தொட்டியையும் சேர்த்து மாட்டவேண்டும்.

அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்வி மிகச் சரியானது. "இந்த மாலுக்கு வாசல்ல, மீட்டர் பக்கத்துல, பெரிய ஆர்.பி.இசட். ஒண்ணு ஏற்கெனவே இருக்காமே. வீட்டுக்காரர் வருஷாவருஷம் டெஸ்ட் பண்றாராமே. அது எங்களைக் காப்பாத்தலையா?" காப்பாற்றாது. அது காப்பாற்றுவது ஊரை, இந்தக் கட்டடத்திடமிருந்து. கட்டடத்துக்குள் இருப்பவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்ற அதற்குத் தெரியாது. இவர் கடைச் சோடா பக்கத்திலிருக்கும் பல் மருத்துவரின் குழாய்க்குப் போனாலும் வாசல் காவல்காரனுக்குத் தெரியப்போவதில்லை. ஆபத்தான ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் அதற்கென்று ஒரு தடுப்பு வேண்டும்.

சோடா இயந்திரத்துக்கென்றே ஒரு சின்னத் தடுப்பு கிடைக்கிறது. அமெரிக்க உணவு விதிகளும் அதைத்தான் கேட்கின்றன: இரண்டு செக் வால்வு, நடுவில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் துளை, முன்னால் ஓர் அங்குலத்துக்கு 100 கண்ணுள்ள சல்லடை. ஆர்.பி.இசட்.டின் தம்பி என்று சொல்லலாம். உடம்பில் 1022 என்ற தர எண் பொறித்திருக்கும். அது இருக்கவேண்டிய இடமும் விதியில் இருக்கிறது: கார்பனேட்டருக்கு முன்னால், ஆனால் செம்பு எல்லாம் முடிந்தபிறகு. தடுப்புக்கும் கார்பனேட்டருக்கும் இடையில் ஒரு விரல் நீளச் செம்பு இருந்தாலும் சோடா அதைக் கரைத்துக்கொண்டேதான் இருக்கும், தடுப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும். அதனால் எவர்சில்வரில் செய்ததை வாங்கி, அங்கிருந்து கார்பனேட்டர்வரை பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பளபளத்த பழைய செம்புக் கிளையையும், தேநீர் இயந்திரத்துக்குப் போன பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். அதற்கு ஒரு நாள் கூலி ஆனது, அண்ணாச்சி முகம் வாடியது.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் தொலைபேசி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தம்பி, அந்தப் புது வால்வு நடுவுல துளை இருக்கே, அதுல இருந்து புஸ்ஸுனு சத்தம் வருது. தண்ணியும் துப்புது."

யாராவது சோடா குடித்தார்களா என்று கேட்டேன்.

"எல்லாரும் குடிச்சாச்சு. ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சத்தம்தான். இது ரெண்டாவது வால்வுதானே? நான் பிளம்பரைக் கூப்பிட்டுட்டேன். துளையை யாரும் அடைக்கக்கூடாதுன்னு ஒரு அட்டையில எழுதி ஒட்டியும் வெச்சுட்டேன். சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான்."